கச்சானைக் கடலை என்று எழுதினால்: ஆங்கில உட்பொருள் பட்டியலை யாழ்ப்பாணத் தமிழில் வாசிப்பது

லண்டனிலிருந்து வந்த சொக்லேட் பெட்டி, சென்னையில் செய்த மிக்சர் பக்கற், கொழும்பில் அச்சான பிஸ்கட் உறை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு மேசையில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடப்பது புதினமில்லை. மூன்றின் பின்புறத்திலும் பொடி எழுத்தில் ஓர் ஆங்கிலப் பட்டியல் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் வாசிப்பதில்லை. ஆனால் கச்சானோ கஜுவோ ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில், பக்கற்றைத் திறக்க முன்னரே அந்தப் பட்டியலை வாசித்தாக வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவோ அம்மம்மாவோ அதை வாசிப்பதென்றால் யாராவது தமிழில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அகராதியைத் திறந்து ஆங்கிலச் சொல்லுக்கு நேரே உள்ள தமிழ்ச் சொல்லை எழுதிக் கொடுத்தால் அது சரியான தமிழாக இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் வேறொரு சாப்பாட்டைக் குறிக்கக்கூடும். கட்டுரையில் இப்படி ஒரு பிழை வந்தால் அடுத்த நாள் திருத்தம் போடலாம். ஒவ்வாமைக்குத் திருத்தம் போட முடியாது.

முதலில் முந்திரியைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் கஷூ என்று இருப்பதைத் தமிழ்நாட்டில் முந்திரி என்பார்கள். இணையத்தில் கிடைக்கும் தமிழ்ப் பட்டியல்களில் அநேகமானவை தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை என்பதால் அவற்றிலும் முந்திரி என்றே இருக்கும். நமக்கு முந்திரிகை என்றால் கொடியில் காய்க்கும் பழம், திராட்சை. வலிகாமத்தில் பந்தல் போட்டு வளர்ப்பது அதைத்தான். முந்திரிகை வற்றல் என்றால் உலர்ந்த திராட்சை, பேச்சில் பிளம்ஸ். கஷூவுக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள் கஜு, மரமுந்திரிகை இரண்டுந்தான். கஜு போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். மரமுந்திரிகை என்பதில் வரும் ‘மர’ என்ற இரண்டு எழுத்துத்தான் கொடியில் காய்ப்பதையும் மரத்தில் காய்ப்பதையும் பிரித்துக் காட்டுகிறது. அந்த இரண்டு எழுத்து விடுபட்டால், கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் வீட்டில் ‘முந்திரி சேர்ந்தது’ என்பதை ‘பிளம்ஸ் போட்டது’ என்று ஒரு வயதானவர் விளங்கிக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு. பொங்கலுக்குக் கஜுவும் பிளம்ஸும் சேர்த்தே வாங்கும் ஊர் இது. இரண்டும் ஒரே புக்கைக்குள் போகும், ஒன்று மட்டும் பிள்ளைக்கு ஆகாது.

ஒரு சின்ன விலகல். நாம் பிளம்ஸ் என்பதும் ஆங்கிலப் பட்டியலில் அந்தப் பெயரில் இருக்காது. அங்கே ரெய்சின், சுல்தானா, கரன்ற் என்று மூன்று பெயர்கள் இருக்கும். பிளம் என்று எழுதியிருந்தால் அது வேறு பழம். பழைய ஆங்கிலேயர் கேக்கிலும் புடிங்கிலும் போட்ட உலர்ந்த திராட்சையைப் பிளம் என்றார்கள். அவர்கள் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள், நாங்கள் விடவில்லை.

இனிக் கடலை. இது முந்திரியைவிட மோசமானது, ஏனென்றால் தமிழ்நாட்டிலேயே இந்தச் சொல் ஒரு நிலையில் நிற்பதில்லை. 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் முழுக்க முழுக்கக் கச்சான். கடலை எண்ணெயும் கச்சான் எண்ணெய்தான். ஆனால் அதே கடையில் பக்கத்துத் தட்டில் இருக்கும் கடலை மாவில் கச்சான் இல்லை, அது கொண்டைக்கடலை இனத்துப் பருப்பை அரைத்த மாவு. யாழ்ப்பாணத்தில் கடலை என்றால் தாளித்துத் தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தரும் அவித்த கடலை. கச்சானுக்குக் கச்சான் என்றே பெயர். நல்லூர்த் திருவிழாவில் சுருள் கட்டி விற்பதைக் கடலை என்று கேட்டு வாங்குபவரை வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடலாம். சிலர் கச்சான் கடலை என்று சேர்த்துச் சொல்வார்கள், அதில் குழப்பம் இல்லை. ஆகவே பீனட் என்பதைக் கடலை என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால், கச்சான் ஆகாத பிள்ளையின் தாய் ‘என்ர பிள்ளை கடலை சாப்பிடுறவன்தானே’ என்று கொடுத்துவிடுவார். அவர் சொல்வது உண்மையும்கூட. நிலக்கடலை, வேர்க்கடலை என்று முழுச் சொல்லாக எழுதினால் ஆபத்துக் குறையும். கச்சான் என்று எழுதினால் ஆபத்தே இல்லை.

இதையே மறுபக்கத்தாலும் பார்க்க வேண்டும். இந்தியப் பொதிகளில் கிறாம் பிளவர், பெங்கால் கிறாம், பேசன் என்று வருவன கடலை மாவும் கடலைப் பருப்பும். கச்சானை அவர்கள் பீனட் என்று எழுதுவதைவிடக் குறவுண்ட்நட் என்று எழுதுவது அதிகம். பீனட் என்ற ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இந்திய மிக்சர் பக்கற்றைத் திருப்பிப் பார்ப்பவர், அதில் கச்சான் இல்லை என்று நினைத்துத் திருப்பி வைத்துவிட வாய்ப்புண்டு. மருந்துகளிலும் பூசும் கிறீம்களிலும் இதே எண்ணெய் அறாக்கிஸ் ஒயில் என்ற இலத்தீன் பெயரில் வரும்.

குறவுண்ட் என்ற சொல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. அது நட் என்பதோடு ஒட்டி ஒரே சொல்லாக வந்தால் நிலம், அதாவது கச்சான். ஆனால் தனிச் சொல்லாக நின்று அடுத்து ஆமண்ட் என்றோ நட்ஸ் என்றோ வந்தால் அரைத்தது என்று பொருள். குறவுண்ட் ஆமண்ட் என்றால் அரைத்த வாதுமை. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் கையில் அது ‘நில வாதுமை’ ஆகிவிடும். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை.

கொழும்பில் அச்சான உறைகளில் சிங்களம் வழியாக வரும் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. சிங்களத்தில் கஜு என்றால் நம்முடைய கஜுதான். ஆனால் கச்சானுக்கு அவர்கள் சொல்வது றட்டகஜு, அதாவது வெளிநாட்டுக் கஜு. சிங்களத்தைப் பேச்சளவில் தெரிந்த ஒருவர் அந்தச் சொல்லின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு கஜு என்று சொன்னால், கச்சான் கஜுவாகிவிடும். இரண்டும் ஆகாதவருக்கு அதனால் கேடில்லை. கச்சான் மட்டும் ஆகாதவருக்குக் கேடுண்டு.

மூன்றாவது சொல் கொட்டை. நட் என்பதற்கு அகராதி தரும் சொல் இது, உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளிலும் இதுவே வரும். ஆனால் பனங்கொட்டை, புளியங்கொட்டை, பலாக்கொட்டை, மாங்கொட்டை என்று கேட்டு வளர்ந்த காதுக்குக் கொட்டை என்பது பழத்துக்குள் இருப்பது, பெரும்பாலும் எறிவது. ‘கொட்டைகள் இருக்கலாம்’ என்று ஒரு பழக் கேக்கின் உறையில் கண்டால், பழத்தின் விதை பல்லில் கடிபடும் என்று எச்சரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று வாசிப்பதுதான் இயல்பு. மரக்கொட்டை என்றாலும் அதே கதைதான். என் அபிப்பிராயத்தில் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடி மினக்கெடத் தேவையில்லை. ‘நட்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் ‘கஜு, வாதுமை, பிஸ்தா போன்றவை’ என்று போட்டால் யாழ்ப்பாணத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

வாதுமையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆமண்ட் என்பதற்கு வாதுமை, பாதாம் இரண்டும் பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டு எழுத்துகளில் வாதுமைக் கொட்டை என்று வோல்நட்டைச் சொல்வதும் வழக்கம். தெருவோரம் நிழலுக்கு நிற்கும் நாட்டு வாதுமையோ இந்த இரண்டும் இல்லை, முற்றிலும் வேறு குடும்பத்து மரம். எனவே ஆமண்டுக்குப் பாதாம் என்றும் வோல்நட்டுக்கு வோல்நட் என்றும் எழுதுவது பாதுகாப்பு. ஹேசல்நட், பீக்கன், மக்கடேமியா, பிறேசில் நட் எல்லாம் நம் மண்ணில் இல்லாதவை. அவற்றுக்குப் புதுத் தமிழ் ஆக்கினால் வாசிப்பவர் அந்தத் தமிழையும் படிக்க வேண்டும், கடையில் அதை வைத்து ஆங்கில எழுத்தை அடையாளம் காணவும் முடியாது. ஒலிபெயர்த்துவிட்டு ‘இதுவும் நட்’ என்று சேர்ப்பதே வழி.

ஆங்கில எழுத்தே பழக்கமில்லாதவர்களுக்குச் சிலர் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுக்கிறார்கள். என், யூ, ரி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வருகிறதா என்று பார், வந்தால் வாங்காதே என்பது அது. இது இரண்டு பக்கமும் பிழைக்கும். தேங்காய், சாதிக்காய் இரண்டின் ஆங்கிலப் பெயரிலும் அந்த மூன்று எழுத்து இருக்கிறது. சாதிக்காய் ஒரு விதை, நட் ஒவ்வாமைப் பட்டியலில் வருவதில்லை. தேங்காயை அமெரிக்கா நெடுங்காலம் நட்ஸ் பட்டியலில் வைத்திருந்து 2025 ஜனவரியில்தான் எடுத்தது. அதனால் அங்கிருந்து வந்த பழைய உறைகளில் தேங்காய்க்காகவே ‘நட்ஸ் உண்டு’ என்று போட்டிருப்பதைக் காணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பக்கற்றிலும் இருக்கும் போசாக்கு அட்டவணையின் தலைப்புச் சொல்லே அந்த மூன்று எழுத்தில்தான் தொடங்குகிறது. இப்படிப் பத்துத் தடவை வீணாகப் பயந்தவர் பதினோராவது தடவை பார்க்கமாட்டார்.

மறுபக்கத்துப் பிழை இதைவிடப் பெரிது. அந்த மூன்று எழுத்தே இல்லாத நட்ஸ் நிறைய. ஆமண்ட், கஷூ, பிஸ்தாசியோ, பீக்கன், மக்கடேமியா என்பவற்றில் அது இல்லை. இவற்றைவிட ஒளிந்திருப்பவை செய்பண்டப் பெயர்கள். மார்சிபான் என்பது அரைத்த பாதாமும் சீனியும். பிரலீன் என்பது சீனிப்பாகில் வறுத்த ஹேசல்நட் அல்லது பாதாம். ஜியாண்டூயா ஹேசல்நட் அரைத்த சொக்லேட். நூகா என்ற வெள்ளை மிட்டாயில் பாதாம் இருக்கும், மலிவானதில் கச்சான் இருக்கும். சற்றே என்ற சோஸ் கச்சானில் செய்வது. லண்டன் பெட்டிகளில் இந்தப் பெயர்கள் வந்தால் பக்கத்திலேயே நட்டின் பெயரையும் போட வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். வேறு நாட்டுப் பெட்டிகளில் அப்படி இருக்குமென்று நம்பியிருக்க முடியாது.

எந்த நட் ஆகாது என்பதை வைத்தியர் சொல்லியிருப்பார். அதோடு அதன் உறவினரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். கஜுவும் பிஸ்தாவும் ஒரே குடும்பம். கஜு ஆகாதவர்களில் பெரும்பாலானோருக்குப் பிஸ்தாவும் ஆகாது. வோல்நட்டுக்கும் பீக்கனுக்கும் அதே உறவு. கச்சான் உண்மையில் நட் அல்ல, பயறும் உழுந்தும் சேர்ந்த அவரைக் குடும்பம். அதற்காகக் கச்சான் ஆகாதவர் பயறையும் உழுந்தையும் விடத் தேவையில்லை, அநேகருக்கு அவை ஒன்றும் செய்யாது. ஆனால் ஐரோப்பியப் பிஸ்கட்டுகளில் லூப்பின் என்ற பெயரில் ஒரு மா வரும். அதுவும் அவரைக் குடும்பந்தான், கச்சான் ஆகாத சிலருக்கு அதுவும் ஆகாது. அந்தப் பெயரையும் எழுதி வைப்பது நல்லது.

சொற்கள் முடிந்தால் வாக்கியம். பக்கற்றில் முக்கியமான வாக்கியங்கள் இரண்டு. ஒன்று ‘கொன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும். அடுத்தது ‘மே கொன்டெய்ன்’ என்று தொடங்கும். முதலாவதில் சிக்கலில்லை, ‘இதில் உண்டு’ என்று எழுதினால் போதும். இரண்டாவதுதான் தமிழில் வழுக்கும். ‘கச்சான் இருக்கலாம்’ என்று எழுதுவது வழக்கம். தமிழில் ‘லாம்’ என்ற விகுதி ஐயத்துக்கும் வரும், அனுமதிக்கும் வரும். ‘உள்ளே வரலாம்’ என்றால் அனுமதி, ‘மழை வரலாம்’ என்றால் ஐயம். ‘இருக்கலாம்’ என்பதில் பயப்படும் தொனி கொஞ்சமும் இல்லை. இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை, பெரிய விஷயமில்லை என்றுதான் காதில் விழுகிறது. அதோடு ‘ட்ரேசஸ்’ என்ற சொல்லைச் சுவடுகள், தடயங்கள் என்று பெயர்த்துவிட்டால் வாக்கியம் பொலிஸ் செய்தி போலாகி, வாசிப்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ‘மிகச் சிறிதளவு’ என்று போட்டாலும் ‘சிறிதுதானே’ என்ற ஆறுதல் வந்துவிடும். கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சிறிதே போதும்.

அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்ல வருவது என்ன? இந்தப் பிஸ்கட் செய்த இயந்திரத்தில் கச்சான் போட்ட பிஸ்கட்டும் செய்கிறோம், கழுவினாலும் முழுதாகப் போகாது, எந்தப் பக்கற்றில் எவ்வளவு போயிருக்கும் என்று எங்களுக்கும் தெரியாது என்பதுதான். ஆகவே தமிழிலும் அதையே சொல்ல வேண்டும்: ‘கச்சான் கலந்திருக்கக்கூடும். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர் உண்ணக்கூடாது.’ இரண்டாவது வசனம் ஆங்கில மூலத்தில் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர்கள் ஆட்சேபிக்கக்கூடும். வீட்டில் ஒட்டி வைக்கும் பட்டியலுக்கு அந்த ஆட்சேபம் தேவையில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இந்த இரண்டாவது எச்சரிக்கை கட்டாயமல்ல, உற்பத்தியாளர் விரும்பினால் போடுவது. அது இல்லாததால் ஒரு பக்கற் பாதுகாப்பானது என்று ஆகாது.

என் மச்சாள் ஒருவருக்கு இப்படியொரு பட்டியல் செய்து கொடுக்க வேண்டி வந்தது. அவருடைய மகனுக்குக் கச்சான் ஆகாது. அப்போது பல பக்கற்றுகளில் கண்ட சொற்களை ஒன்றாக்கி ஒரு மாதிரி உறையை எழுதிப் பார்த்தேன். அதை ஆங்கில ஒலியில் தருகிறேன்: ஷுகர், பாம் பாட், வீட் பிளவர், ஹேசல்நட் பிரலீன், மில்க் சொலிட்ஸ், குறவுண்ட் ஆமண்ட்ஸ், ரெய்சின்ஸ், சோயா லெசித்தின். கொன்டெய்ன்ஸ் வீட், மில்க், சோயா, நட்ஸ். மே கொன்டெய்ன் ட்ரேசஸ் ஒவ் பீனட்ஸ் அன்ட் கஷூஸ்.

அகராதி வழியில் போனால் இது இப்படி வரும்: ‘சர்க்கரை, பாமாயில் கொழுப்பு, கோதுமை மா, பழுப்புக் கொட்டை இனிப்பு, பால் திண்மங்கள், நில வாதுமை, முந்திரிகை, சோயா லெசித்தின். கோதுமை, பால், சோயா, கொட்டைகள் உள்ளன. கடலை மற்றும் முந்திரியின் சுவடுகள் இருக்கலாம்.’ தமிழாசிரியர் ஒருவர் இதில் பெரிய பிழை பிடிக்கமாட்டார். ஆனால் யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கும் தாயின் கண்ணால் பாருங்கள். முந்திரிகை என்று ஒன்று உள்ளே இருக்கிறது, முந்திரியின் சுவடும் இருக்கலாமாம். ஒரே பொருளை ஏன் இரண்டு தரம் சொல்கிறார்கள்? கடலை இருக்கலாமாம், இருக்கட்டும், அவன் சாப்பிடுவான். கச்சான் என்ற பேச்சே எங்கும் இல்லை. பக்கற்றை உடைத்துக் கொடுத்துவிடுவார்.

அதையே நம் சொற்களில் எழுதினால்: ‘சீனி, பாம் எண்ணெய்க் கொழுப்பு, கோதுமை மா, ஹேசல்நட் அரைத்த இனிப்பு, பால்மா, அரைத்த பாதாம், பிளம்ஸ், சோயாவிலிருந்து எடுத்த லெசித்தின். இதில் கோதுமை, பால், சோயா, நட்ஸ் உண்டு. இங்கே நட்ஸ் என்பது ஹேசல்நட்டும் பாதாமும். கச்சானும் கஜுவும் கலந்திருக்கக்கூடும். இவை ஒத்துக்கொள்ளாதவர் உண்ணக்கூடாது.’ இப்போது முடிவு எடுக்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. கச்சான் ஆகாத பிள்ளைக்கும் கஜு ஆகாத பிள்ளைக்கும் இது வேண்டாம். சோயாவும் கச்சானின் உறவுதான் என்றாலும் கச்சான் ஆகாதவர்களில் அநேகர் அதைத் தாங்குவார்கள். அதைப் பற்றி வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்தால் பிறகு ஒவ்வொரு பக்கற்றிலும் தடுமாறத் தேவையில்லை.

பட்டியலை எங்கே தேடுவது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியப் பொதியில் உட்பொருள் பட்டியலின் கீழே ‘கொன்டெய்ன்ஸ்’ என்ற வரி தனியாக வரும், பல பொதிகளில் அது வெறும் நட்ஸ் என்று நின்றுவிடும். பிரித்தானிய, ஐரோப்பியப் பொதிகளில் 2014 டிசம்பருக்குப் பிறகு அந்தத் தனி வரி இல்லை. ஒவ்வாமைப் பொருளின் பெயரை உட்பொருள் பட்டியலுக்கு உள்ளேயே தடித்த எழுத்தில் அல்லது வேறு விதமாக எடுப்பாகக் காட்டுவார்கள். நட்டின் பெயரையும் தனித்தனியே சொல்ல வேண்டும். லண்டன் பெட்டியில் ‘கொன்டெய்ன்ஸ்’ வரியைத் தேடி, காணவில்லையே என்று நிம்மதி அடைபவர் தவறான இடத்தில் தேடியிருக்கிறார். அங்கத்தைய சட்டத்தில் நட்ஸ் வேறு, பீனட் வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இறக்குமதிப் பொருட்களில் இன்னொரு தொல்லை, இறக்குமதியாளர் ஒட்டும் ஸ்ரிக்கர். விலையும் முகவரியும் அச்சிட்ட அந்தத் தாள் சில வேளை உட்பொருள் பட்டியலுக்கு மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் முன்னால் அதை உரிக்க நமக்குக் கூச்சம். வாசிக்க முடியாத பக்கற்றை வாங்காமல் விடுவதுதான் கைக்கு எட்டிய வழி. முறையிட விரும்பினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. உணவுச் சட்டம் சார்ந்த முறைப்பாட்டைப் பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கொடுக்கலாம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தைக் களத்தில் அமுல்படுத்துபவர்களில் அவர்களும் அடங்குவர்.

உறையே இல்லாத சாப்பாட்டுக்கு இந்தப் பட்டியல் உதவாது. வெதுப்பகத்துக் கேக், சரை கட்டிய மிக்சர், கலியாண வீட்டுப் பலகாரம் இவற்றில் வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும். அப்போதும் சொல் முக்கியம். ‘நட்ஸ் போட்டதோ’ என்று கேட்டால், கச்சானை நட்ஸாக நினைக்காத ஒருவர் மனசாரவே இல்லை என்பார். ‘கச்சான் போட்டதோ, கஜு போட்டதோ, கச்சான் பொரித்த எண்ணெயில் பொரித்ததோ’ என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ரிச் கேக்கிலும் லவ் கேக்கிலும் கஜு இருக்கும் என்பது செய்பவருக்கு அவ்வளவு சாதாரணம், கேட்காமல் சொல்லமாட்டார். கேக்குக்கு விடும் ஆமண்ட் எசன்ஸ் வேறு கதை. மலிவானது பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் செய்த வாசனை, அதில் பாதாம் இருக்காது. ஆனால் போத்தலைப் பார்க்காமல் அதை நம்பக்கூடாது.

கேட்டும் நடந்துவிடக்கூடியது என்ன என்பதற்கு இங்கிலாந்தின் வட யோர்க்‌ஷயரில் 2014 ஜனவரியில் நடந்த மரணம் சாட்சி. 38 வயதுக்காரர் ஒருவர் ஈசிங்வோல்ட் என்ற ஊரின் இந்தியச் சாப்பாட்டுக் கடையொன்றில் நட்ஸ் வேண்டாம் என்று சொல்லிக் கறி வாங்கினார். கடை உரிமையாளர் செலவைக் குறைக்கப் பாதாம் மாவுக்குப் பதிலாகக் கச்சான் கலந்த மலிவான மாவை வாங்கி வைத்திருந்தார். வாங்கியவர் அன்றிரவே இறந்தார். 2016 மே மாதம் உரிமையாளருக்கு ஆறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சமையல் கட்டில் மாவின் நிறம் மாறவில்லை, கறியின் பெயர் மாறவில்லை. மாறியது மூட்டையில் எழுதியிருந்த சொல் மட்டும்.

வெளியே சாப்பிடும்போது கொடுக்க ஒரு துண்டுத் தாள் எழுதி வைத்திருப்பது பயன்படும். அதில் மரியாதையான நீண்ட விளக்கம் வேண்டாம். ‘இந்தப் பிள்ளைக்குக் கச்சான் ஆகாது. கச்சான், கச்சான் எண்ணெய், கச்சான் மா எதுவும் சேர்க்கக்கூடாது. கச்சான் வறுத்த சட்டியும் கிண்டிய அகப்பையும் வேண்டாம். பட்டால் மூச்சு அடைக்கும்.’ இவ்வளவு போதும். கடைசி வசனம் மிரட்டல் போலத் தெரிந்தாலும் விடக்கூடாது. ‘அலர்ஜி’ என்ற சொல் நம் ஊரில் தும்மலுக்கும் தோல் கடிக்கும் வழங்குகிறது, அதைக் கேட்டு யாரும் சட்டியை மாற்றமாட்டார்கள். தெற்குக்குப் போகும்போது அதே தாளின் மறுபக்கத்தில் சிங்களத்தில் றட்டகஜு என்று முழுச் சொல்லாக எழுதுவிக்க வேண்டும்.

தவறி உண்டுவிட்டால் உதடு தடிப்பதும் உடம்பெங்கும் தடிப்புப் போடுவதும் முதலில் வரலாம். குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றி விழுவது வந்தால் ஒவ்வாமைக் குளிசையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அதுவல்ல. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, என்ன சாப்பிட்டது என்பதையும் சொல்லி, பக்கற்றையும் கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மச்சாளுக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் குசினி அலுமாரியின் உட்கதவில் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கம் ஆங்கில எழுத்துகள், உறையில் இருப்பது போலவே. வலப்பக்கம் கச்சான், கஜு, பாதாம், பிஸ்தா. ஒரு பிஸ்கட்டின் சின்னப் பக்கற்றில் இல்லாத எச்சரிக்கை அதே பிஸ்கட்டின் பெரிய பக்கற்றில் இருந்ததைக் கண்ட பிறகு அவர் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘போனமுறை வாங்கினது எண்டாலும் திருப்பிப் பார்.’